எம்51 படத்தில் எந்த நிறம் எதைச் சொல்கிறது? ஹப்பிளின் கறுப்பு வெள்ளைக் கோப்புகளிலிருந்து வண்ணப்படம் வரை

சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் இருக்கிறது மரீசி. அதிலிருந்து மூன்றரை டிகிரி தள்ளி எம்51 என்ற சுழல் கேலக்ஸி இருக்கிறது. ஏப்ரல், மே மாத இரவுகளில் ஆந்திராவிலுள்ள குப்பம் ஊர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வடக்கே ஐம்பத்தைந்து டிகிரி உயரம் வரை ஏறும். மேற்கிலும் வடமேற்கிலும் பெங்களூரு வெளிச்சம் அடிவானத்தை வெளுத்து வைத்திருந்தாலும், அந்த உயரத்தில் வானம் ஓரளவு கறுப்பாகவே கிடைக்கும். எட்டு அங்குல டெலஸ்கோப்பில் இரண்டு மங்கிய திட்டுகள் தெரியும். பெரியது எம்51, சிறியது அதன் துணை என்ஜிசி 5195.

அப்படிப் பார்த்துவிட்டு நிமிர்ந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், நெட்ல பாத்தப்ப நீலமும் செவப்புமா இருந்துச்சே. இதுல கலரே இல்லையே, அது பொய்யா?"

பொய் இல்லை. கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் கண்தான். மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. ஆனால் அவள் நெட்டில் பார்த்த சிவப்பின் பெரும்பகுதி, எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் மனிதக் கண்ணுக்குத் தெரியவே தெரியாத ஒளி. இந்த இரண்டு விஷயங்களும் எப்படி ஒரே படத்தில் சேர்கின்றன என்பதை, எம்51-இன் புகழ்பெற்ற ஹப்பிள் படத்தையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். கணினியும் பைத்தானும் இருந்தால் நீங்களே அந்தப் படத்தைச் செய்யலாம். இல்லாவிட்டாலும் படத்தை வாசிக்க இந்தப் படிகள் போதும்.

படி 1: ஃபில்டர் பட்டியலைத் தேடுங்கள்

ஹப்பிளின் கேமரா கறுப்பு வெள்ளைக் கேமரா. எத்தனை ஒளித்துகள் விழுந்தன என்று ஒவ்வொரு பிக்சலும் எண்ணும், அவ்வளவுதான். நிறம் வேண்டுமென்றால் கேமராவுக்கு முன்னால் ஒரு ஃபில்டரை வைத்து ஒரு படம், அதை மாற்றி இன்னொரு படம் என்று எடுக்க வேண்டும். நமக்குத் தென்கிழக்கே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பிலும் படம் எடுக்கும் முறை இதுதான். விண்வெளியில் இருப்பதால் ஹப்பிளுக்குத் தனி வித்தை எதுவும் கிடையாது.

எம்51 படத்துக்கான தரவுகள் 2005 ஜனவரியில் எடுக்கப்பட்டன. ஏசிஎஸ் என்ற கேமராவை ஆறு இடங்களில் குறிவைத்து எடுத்து ஒட்டிய படம் அது. நான்கு ஃபில்டர்கள் பயன்பட்டன:

- F435W: நீல ஒளி, சுமார் 435 நானோமீட்டர்.
- F555W: பச்சை மஞ்சள் பகுதி, சுமார் 555 நானோமீட்டர்.
- F814W: அண்மை அகச்சிவப்பு, சுமார் 814 நானோமீட்டர்.
- F658N: 658 நானோமீட்டரைச் சுற்றிய மிகக் குறுகிய பட்டை.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. எண் அலைநீளத்தைச் சொல்கிறது. கடைசியில் W இருந்தால் அகலப் பட்டை, N இருந்தால் குறுகிய பட்டை. எந்த ஹப்பிள் படத்தின் குறிப்பிலும் இந்தப் பெயர்கள் இருக்கும். இவை இல்லாமல் சுற்றும் படத்தின் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நம் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டர் வரைதான் பார்க்கும். 814 அதற்கு வெளியே. வண்ணப்படத்தில் F435W-க்கு நீலம், F555W-க்குப் பச்சை, F814W-க்குச் சிவப்பு கொடுக்கப்படுகிறது. முதல் இரண்டும் ஏறக்குறைய உள்ளபடியே. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குச் சிவப்பு உடை போட்டது. ஆக, "உண்மை நிறமா, போலி நிறமா" என்ற கேள்விக்கு இந்த ஒரே படத்தில் ஃபில்டருக்கு ஃபில்டர் பதில் மாறுகிறது.

படி 2: ஒவ்வொரு ஃபில்டரிலும் யார் ஒளிர்கிறார்கள்?

நீல ஃபில்டரில் பளிச்சென்று தெரிபவை இளம், கனத்த, மிகச் சூடான நட்சத்திரங்கள். அவை சில கோடி ஆண்டுகளுக்குள் எரிந்து முடிந்துவிடும். அதனால் பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகர நேரமில்லை. சுழல் கரங்கள் நீலமாக இருப்பதன் காரணம் அதுதான். அங்கே சமீபத்தில் நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன.

F814W-இல் கரங்கள் மட்டும் அல்ல, கரங்களுக்கு நடுவிலுள்ள இடமும் மையமும் வழவழவென்று ஒளிரும். இது வயதான, குளிர்ந்த நட்சத்திரங்களின் ஒளி. மையம் மஞ்சளாகத் தெரிவது, அங்கே நீலத்தைவிட இந்த ஒளி ஓங்கியிருப்பதால்.

F658N தனிக் கதை. இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி சுற்றியுள்ள ஹைட்ரஜனின் எலக்ட்ரானைப் பிய்த்தெறிகிறது. எலக்ட்ரான் திரும்பி வந்து சேரும்போது 656.3 நானோமீட்டரில் ஒரு குறிப்பிட்ட சிவப்பு ஒளி வெளியாகிறது. ஹைட்ரஜன் ஆல்ஃபா என்பது இதுதான். எம்51 நம்மைவிட்டு விநாடிக்குச் சுமார் 460 கிலோமீட்டர் வேகத்தில் விலகுவதால் அந்த ஒளி ஒரு நானோமீட்டர் நீண்டு 657.3-இல் வந்து சேர்கிறது. அப்போதும் அது ஃபில்டரின் பட்டைக்குள்தான் இருக்கிறது. இன்னும் பல மடங்கு வேகமாக விலகும் கேலக்ஸி என்றால் இதே ஃபில்டரில் அதன் ஹைட்ரஜன் விழவே விழாது. அப்போது படத்தில் இளஞ்சிவப்பு முடிச்சுகள் இல்லாததை வைத்து வாயு இல்லை என்று சொன்னால் தவறாகிவிடும்.

படி 3: கோப்புகளைத் திறந்து பின்புலத்தைக் கழியுங்கள்

இந்த நான்கு படங்களும் ஹப்பிள் தரவுகளைப் பாதுகாக்கும் மாஸ்ட் காப்பகத்தில், வானியல் படங்களுக்கான ஃபிட்ஸ் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. முழு அளவில் ஒவ்வொன்றும் 12,200-க்கு 8,600 பிக்சல். நான்கையும் ஒன்றாகத் திறந்தால் சாதாரண லேப்டாப் திணறும். நாலுக்கு நாலு பிக்சலைச் சராசரி எடுத்துச் சுருக்கிக்கொள்வது நல்லது. கோப்புகளின் நீளப் பெயர்களை `b.fits`, `v.fits`, `i.fits`, `ha.fits` என்று மாற்றிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```python
from astropy.io import fits

def small(name):
    a = fits.getdata(name)
    h, w = a.shape[0]//4, a.shape[1]//4
    return a[:h*4, :w*4].reshape(h, 4, w, 4).mean(axis=(1, 3))

b, v, i, ha = [small(n + ".fits") for n in ("b", "v", "i", "ha")]
```

முழு அளவில் ஒரு பிக்சல் 0.05 விகலை. ஒரு டிகிரியில் 3,600 விகலை. எம்51 சுமார் 2.8 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பதால் அது ஏழு ஒளியாண்டு அகலத்துக்குச் சமம். சூரியனிலிருந்து மிக அருகிலுள்ள நட்சத்திரம் நான்கே கால் ஒளியாண்டு. அப்படியென்றால் கரங்களில் நீலப் புள்ளியாகத் தெரிவதில் பல, தனி நட்சத்திரம் அல்ல, ஒரு கொத்து. மிகப் பிரகாசமான ராட்சத நட்சத்திரங்கள் மட்டும் தனியாகத் தெரியும். நான்கு கதிர் நீட்டிக்கொண்டு நிற்கும் பெரிய புள்ளிகள் எம்51-ஐச் சேர்ந்தவையே அல்ல. அவை நம் பால்வெளியின் நட்சத்திரங்கள், வழியில் குறுக்கே நிற்பவை. கதிர்கள் டெலஸ்கோப்பின் உள்ளே இருக்கும் தாங்குகம்பிகளால் வருபவை.

அடுத்து, படத்தின் மூலையில் கேலக்ஸி எட்டாத வெற்று வானமாக ஒரு கட்டத்தைத் தேர்ந்து, அதன் நடு மதிப்பை அந்தந்தப் படத்திலிருந்து கழிக்க வேண்டும். எல்லா ஃபில்டருக்கும் அதே கட்டம்தான். ஒட்டுப்படத்தின் வெளியே மதிப்பே இல்லாத ஓரம் இருக்கும், அதைத் தொடாதீர்கள். கழித்தது சரியில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். வானம் கறுப்பாக இல்லாமல் லேசாகப் பச்சையோ ஊதாவோ அடிக்கும். கேலக்ஸியின் மங்கிய வெளி ஓரமும் அதே சாயத்தில் இருக்கும். அதைப் பார்த்து "வெளியே ஊதா நட்சத்திரங்கள்" என்று கதை சொல்லிவிடக்கூடாது.

படி 4: நீட்டல், நிறம் பிழைப்பதும் சாவதும் இங்கேதான்

கழித்த படத்தை அப்படியே திரையில் போட்டால் மையத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் இருட்டு. ஏன் என்று கற்பனை எண்களில் பார்ப்போம். மையத்தில் மதிப்பு 10,000, கரத்தில் 100, வெளி ஓரத்தில் 10 என்று வைத்துக்கொள்வோம். திரைக்கு 0 முதல் 255 வரைதான் படிகள். மையத்தை 255 ஆக்கினால் கரம் 2.55, வெளி ஓரம் 0.26. இரண்டும் கண்ணுக்குக் கறுப்புதான்.

அதனால் மங்கியதை அதிகமாகவும் பிரகாசமானதைக் குறைவாகவும் தூக்கும் ஒரு கணக்கு வேண்டும். வானியலில் பெரிதும் பயன்படுவது asinh. ஒவ்வொரு மதிப்பையும் 10-ஆல் வகுத்து asinh போட்டு மறுபடி 255-க்கு அளந்தால், மையம் 255, கரம் 101, வெளி ஓரம் 30. மூன்றும் தெரிகின்றன. ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கரத்தைவிட மையம் நூறு மடங்கு பிரகாசம். படத்தில் அது இரண்டரை மடங்காகச் சுருங்கிவிட்டது. அழகான கேலக்ஸி படங்கள் எல்லாவற்றிலும் இது நடந்திருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்து பிரகாசத்தை ஒப்பிட முடியாது.

இதே நீட்டல் நிறத்தையும் தின்னும், பலரும் கவனிக்காத இடம் இது. மையத்துக்கு அருகில் ஒரு பிக்சலில் அகச்சிவப்பு 1000, பச்சை 500, நீலம் 250 என்று வைத்துக்கொள்வோம். நாலுக்கு இரண்டுக்கு ஒன்று, அழுத்தமான ஆரஞ்சு. மூன்றையும் தனித்தனியாக 10-ஆல் வகுத்து asinh போட்டால் 5.3, 4.6, 3.9. கிட்டத்தட்ட சமம். ஆரஞ்சு வெளுத்து வெண்மையாகிவிட்டது. மையம் வெள்ளையாக வெந்துபோன படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். அது கேலக்ஸியின் குணம் இல்லை, கணக்கின் வேலை.

இதற்குத் தீர்வை ராபர்ட் லப்டனும் சக வானியலாளர்களும் 2004-இல் எழுதினார்கள். மூன்று படங்களின் சராசரிப் பிரகாசத்தை மட்டும் நீட்டி, அதே பெருக்கல் எண்ணை மூன்றுக்கும் கொடுப்பது. நாலுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் அப்படியே நிற்கும். ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் நூலகத்தில் இது ஒரே வரி:

```python
from astropy.visualization import make_lupton_rgb

make_lupton_rgb(i*ki, v*kv, b*kb, stretch=0.5, Q=8,
                filename="m51.png")
```

`stretch` எண்ணைக் குறைத்தால் மங்கிய பகுதி மேலே வரும், கூட்டினால் இருளும். 0.5-இல் தொடங்கி, வெளி ஓரம் தெரியும் வரை, ஆனால் வானத்தின் இரைச்சல் குருணையாகத் தெரியாத வரை மாற்றிப் பாருங்கள்.

`ki`, `kv`, `kb` மூன்றும் வெண்மைச் சமநிலை. எதை வெள்ளை என்று வைப்பது என்ற முடிவு உங்களுடையது, அதற்கு இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் வெள்ளையாக வரும்படி அளக்கலாம், அல்லது கேலக்ஸியின் மொத்த ஒளியின் சராசரி வெள்ளையாக வரும்படி அளக்கலாம். இரண்டாவது வழியில் சராசரியைவிட நீலமான கரங்கள் நீலமாகவும் சராசரியைவிடச் சிவந்த மையம் மஞ்சளாகவும் தெரியும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். வேறொரு கேலக்ஸியின் படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட அதுதான் இடம்கொடுக்கும்.

படம் வந்ததும் அந்த நான்கு கதிர் நட்சத்திரங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் சிவப்பும் எதிர்ப்பக்கம் நீலமும் இருந்தால் மூன்று படங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. ஹப்பிள் கோப்புகள் ஏற்கனவே பொருத்தப்பட்டவை, அதில் இந்தப் பிரச்சினை வராது. நம் மொட்டைமாடி கேமராவில் எடுத்த படங்களில் கண்டிப்பாக வரும்.

படி 5: ஹைட்ரஜனைத் தனியே பிரித்தெடுங்கள்

F658N கோப்பைத் திறந்தால் மையம் பளிச்சென்று இருக்கும். அங்கே வாயு கொழுந்துவிட்டு எரிகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் குறுகிய பட்டை என்றாலும் அதற்குள் சாதாரண நட்சத்திர ஒளியும் நுழையத்தான் செய்யும். அதைக் கழித்தால்தான் வாயு மிஞ்சும்.

கழிக்க, பட்டையின் இரு பக்கமும் உள்ள F555W, F814W இரண்டின் சராசரியை எடுத்து ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண்ணைக் கொடுப்பவை பால்வெளி நட்சத்திரங்கள்தான். அவற்றைச் சுற்றி ஒளிரும் வாயு இல்லை என்பதால், கழித்த பிறகு அவை மறைந்தாக வேண்டும். ஒரு நட்சத்திரத்தின் மொத்தம் F658N-இல் 40, சராசரிப் படத்தில் 800 என்றால் எண் 0.05. இனி கரத்தில் ஒரு முடிச்சு: F658N-இல் 65, சராசரியில் 300. நட்சத்திர ஒளியின் பங்கு 15, மிச்சம் 50 வாயு. மையத்தை ஒட்டிய ஓர் இடம்: F658N-இல் 500, சராசரியில் 10,000. கழித்தால் பூஜ்யம். பளிச்சென்று இருந்தது முழுக்க நட்சத்திரம்தான்.

```python
gas = ha - 0.05 * (v + i) / 2
```

எண் கூடிவிட்டால் நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் கறுப்புக் குழிகள் விழும். குறைந்துவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சும். சில குழியாகவும் சில புள்ளியாகவும் இருந்தால் எண்ணில் தவறில்லை. நட்சத்திரங்களின் நிறங்கள் வேறுபடுவதால் ஒரே எண் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அந்த அளவுக்கு இந்த முறைக்கு வரம்பு உண்டு. இன்னொரு வரம்பு: நைட்ரஜனின் இரண்டு கோடுகளும் இதே பட்டைக்குள் விழுகின்றன. ஆகவே "ஹைட்ரஜன் படம்" என்பது கொஞ்சம் நைட்ரஜனும் கலந்த படம்.

இப்படிக் கிடைத்த `gas`-ஐச் சிவப்பில் கூட்டினால், கரங்களின் ஓரம் நெடுக இளஞ்சிவப்பு முடிச்சுகள் எழும். எவ்வளவு கூட்டுவது என்பதில் கை கட்டுப்பாடு வேண்டும். அதிகம் போட்டால் கேலக்ஸி முழுக்க நட்சத்திரப் பிரசவம் நடப்பதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடும்.

படி 6: சிவப்பு வயதாலா, தூசாலா?

வயதான நட்சத்திரமும் சிவப்புப் பக்கம் சாயும். இளம் நட்சத்திரத்தின் முன்னால் தூசு நின்றாலும் அதன் நீலம் தடுக்கப்பட்டுச் சிவக்கும். வண்ணப்படத்தில் இரண்டும் ஒரே பழுப்பு மஞ்சள்தான். பிரித்தறிய `i`-ஐ `b`-ஆல் வகுத்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் செய்யுங்கள். வயதான நட்சத்திரங்கள் உள்ள இடம் மெல்ல மெல்ல மாறும் வழவழப்பான வெளிச்சமாக இருக்கும். தூசு கூர்மையான இழைகளாக, கிளைகளாகத் தெரியும்.

துணைக் கேலக்ஸி என்ஜிசி 5195-இல் இதைப் பாருங்கள். வண்ணப்படத்தில் அது மொத்தமாக மஞ்சள். வகுத்த படத்தில் அதன் வழவழப்பான உடலின் மேல் ஒரு தூசு இழை குறுக்கே ஓடுவது தெளிவாகத் தெரியும். அந்தத் தூசு எம்51-இன் கரத்தைச் சேர்ந்தது. துணைக் கேலக்ஸியின் ஒளியை அது மறைக்கிறது என்றால், கரம் முன்னால், துணை பின்னால். தட்டையான ஒரு படத்திலிருந்து எது நமக்கு அருகில் என்று நிறமே சொல்லிவிடுகிறது. இந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

படி 7: கண்ணுக்கே எட்டாத ஒளிகளின் படங்கள்

2023 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் எடுத்த எம்51 படங்கள் வெளியாயின. அவற்றில் எந்த ஒளியும் கண்ணுக்குத் தெரிவதில்லை, எல்லாம் அகச்சிவப்பு. ஆனாலும் நிறம் மனம்போனபடி பூசப்படவில்லை. குறைந்த அலைநீளத்துக்கு நீலம், நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு என்ற வரிசை காக்கப்படுகிறது. ஐந்து கட்டையில் பாடியதை ஒரு கட்டைக்கு இறக்கிப் பாடினாலும் ராகம் மாறாததுபோல, ஒளி இடம் மாறினாலும் எது எதைவிட நீளம் என்ற உறவு மாறவில்லை.

ஹப்பிள் படத்தையும் வெப் படத்தையும் அருகருகே வைத்தால் ஒரு தலைகீழ் மாற்றம் தெரியும். ஹப்பிளில் கறுத்துக் கிடந்த தூசு இழைகள் வெப்பில் சிவந்து ஒளிர்கின்றன. தூசு அங்கே வெளிச்சத்தை மறைக்கவில்லை. நட்சத்திர ஒளியை வாங்கிச் சூடாகி, 7,700 நானோமீட்டர் போன்ற அலைநீளங்களில் தானே ஒளி விடுகிறது. ஹப்பிளில் சிவப்பு என்றால் வயதான நட்சத்திரம், வெப்பில் சிவப்பு என்றால் சூடான தூசு. நிறம் ஒன்று, பொருள் வேறு. ஃபில்டர் பட்டியலை முதல் படியாக வைத்ததற்குக் காரணம் இதுதான்.

வரிசை காக்கப்பட்டாலும், எல்லாப் படத்திலும் நிறம் கண்ணுக்குத் தெரியும் நிறத்தோடு ஒத்துப்போவதில்லை. எக்ஸ்ரே டெலஸ்கோப்பான சந்திராவின் தரவையும் சேர்த்துச் செய்த ஒரு எம்51 படத்தில் எக்ஸ்ரேக்கு ஊதா, புற ஊதாவுக்கு நீலம், ஹப்பிளின் கண்ணுறு ஒளிக்குப் பச்சை, ஸ்பிட்சரின் அகச்சிவப்புக்குச் சிவப்பு. இதில் வரிசை இருக்கிறது. 1995-இல் ஹப்பிள் எடுத்த கழுகு நெபுலாத் தூண்களில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். கந்தகத்தின் கோடும் ஹைட்ரஜனின் கோடும் கண்ணுக்கு இரண்டுமே சிவப்புதான். அலைநீள வரிசை அங்கேயும் கலையவில்லை. ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சிவப்புகளைப் பிரித்துக் காட்ட ஒன்றைப் பச்சைக்கு நகர்த்தினார்கள். அந்தப் பச்சையைப் பார்த்து அங்கே பச்சை வாயு இருப்பதாக எழுதுவது மட்டும் தவறு.

படி 8: படத்தின் கீழே எழுத வேண்டியது

நீங்கள் செய்த படத்தைக் குழுவிலோ பள்ளிச் சுவரிலோ போடும்போது, மேலே பார்த்த ஒவ்வொரு முடிவையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். என் படத்தின் கீழே இப்படி இருக்கிறது:

"எம்51, என்ஜிசி 5195. ஹப்பிள் ஏசிஎஸ் தரவு, 2005 ஜனவரி. நீலம் F435W, பச்சை F555W, சிவப்பு F814W (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு). இளஞ்சிவப்பு: F658N-இலிருந்து நட்சத்திர ஒளி கழித்தது, ஹைட்ரஜனும் நைட்ரஜனும். சூரியனை ஒத்த நட்சத்திரம் வெள்ளை. லப்டன் முறையில் asinh நீட்டல், ஆகவே பிரகாசம் அளவுக்கு ஏற்றதல்ல, நிற விகிதம் ஏற்றது."